வெ, மூன்றெழுத்து

அந்த ஆஸ்பத்திரியில் மடிப்பக்கா என்றால் தெரியாத ஆள் கிடையாது. பெரிய டாக்டரின் பெயரை மறந்தவர்கள்கூட அவளுடைய பட்டப்பெயரை மறக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. நோயாளி எந்த மாடியில் படுத்திருந்தாலும் அவன் முதுகுக்குக் கீழே இருப்பது அவள் கைபட்ட மடிப்புதான்.

படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. அம்மா படுக்கையில் விழுந்தாள், கைக்குழந்தையாகத் தம்பி ஒருத்தன், வீட்டில் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். எழுத்தெல்லாம் தெரியும், புள்ளி வைத்த எழுத்தும் கணக்கில் ஓர் எழுத்துதான் என்பது தெரியும். ஆனால் ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவன் பக்கத்தையே புரட்டிவிடுவான். காதில் விழுந்தது மட்டும் விழுந்தபடியே மனசில் நிற்கும். யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று அவள் எடுத்து விட்டால் எதிரே நிற்பவருக்கு வியர்க்கும். அதனாலேயே அவளிடம் வாக்குக் கொடுக்க எல்லோருக்கும் கொஞ்சம் பயம்.

சலவைக்கூடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. இந்தப் பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், அந்தப் பக்கம் இஸ்திரி உருளை, கடைசியில் கொதிகலன் அறை. உலர்த்துகிற இயந்திரம் பழுதாகி ஏழு வருஷம். பழுது பார்க்க ஆள் வருகிறான், வருகிறான் என்று சொல்லியே ஏழு வருஷமும் போய்விட்டது. ஆகவே கொதிகலன் அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, அந்த அனலில்தான் துணி காயும். பெண்கள் பதினொரு பேர். மத்தியானச் சாப்பாடு அழுக்குத் துணி வண்டிகளுக்கு நடுவே, நின்றபடிதான். உட்கார இடமில்லை. ரத்தக் கறையும் மருந்து வாடையும் ஒரு முழ தூரத்தில் இருக்கும்போது ஒரு கவளம் எப்படி இறங்கும்? இறக்கினார்கள், என்ன செய்ய. ஒருநாள் அவர்களில் ஒருத்தி சாப்பாட்டுக் கிண்ணத்தோடு மயங்கி விழுந்தாள். மேலிருந்து வந்தவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கிண்ணத்தைத் துடைத்தார்கள், அறிக்கை எழுதினார்கள். இடம் மட்டும் தரவில்லை.

இரண்டாம் மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது, சாவி மேலாளரின் பையில். பழைய பதிவேடுகள் இருந்த அறை. பெரிய ஜன்னல், ஒரு குழாய், பத்துப் பன்னிரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மடிப்பக்கா அதைக் கேட்டு ஐந்து முறை மனு கொடுத்திருந்தாள், நெட்டச்சியை விட்டு எழுதவைத்து. நெட்டச்சி என்பவள் அவளுடைய மடிப்புச் சோடி. ஆறடிக்கு அரை விரல் குறைவு. விரிப்பின் அந்தப் பக்க முனை எப்போதும் அவள் கையில்.

இனி அவர்கள் விளையாட்டைச் சொல்கிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரிய விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் நின்று, நீளவாக்கில் இரண்டாக மடித்து உதறி, இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வர வேண்டும். முனைகள் கைமாறும். நடக்கத் தொடங்கும்போது ஒருத்தி ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொண்டு மூன்று விஷயம் சொல்வாள்: முதல் எழுத்து, மொத்தம் எத்தனை எழுத்து, சின்னதாக ஒரு விளக்கம். முனையும் முனையும் தொடுவதற்குள் மற்றவள் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். நாலு எட்டுத்தான். தவறினால் அடுத்த அழுக்கு வண்டியை அவள்தான் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அறுவைச் சிகிச்சைக் கூடத்து வண்டி என்றால் யாருக்கும் வாய் தானாகத் திறக்கும்.

"போ, மூணெழுத்து, படுத்தவன் மேலே."

"போர்வை."

"த, நாலு, படுத்தவன் தலைக்குக் கீழே."

"தலையணை. ஏண்டி, கொஞ்சம் வேலையைத் தாண்டித்தான் கேளேன்."

"பொ, நாலு, சட்டை திறந்துக்காம காவல் காக்குறவன்."

"பொத்தான். முனையைக் குடு."

எழுத்தை எண்ண அவளிடம் தனி வழி இருந்தது. சொல் மனசில் வந்ததும் இடுப்பருகே கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடும். பொ, த், தா, ன். நாலு கணு. சரியாக வந்தால்தான் வாய் திறப்பாள். வராவிட்டால் அந்தச் சொல்லை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பாள். பதினைந்து வருஷமாக விரிப்போடு விரிப்பாக இதுவும் நடந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒருமுறை பிரிவுகளுக்கு இடையே சொல் போட்டி நடக்கும். கடைசியில் மின்னல் சுற்று. இதே விளையாட்டுதான், ஆனால் அட்டையில் எழுதி, மேடையில், கடிகாரம் வைத்து. பிரிவுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு நிமிஷம். மூன்று வருஷமாகப் பதிவேட்டுப் பிரிவுதான் ஜெயித்தது. அங்கே தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார், எல்லோரும் கண்ணாடியார் என்றே கூப்பிடுவார்கள். சொற்களைச் சாப்பிட்டே வளர்ந்த மனுஷன். சலவைக்கூடத்தை யாரும் போட்டிக்கு அழைத்ததே இல்லை.

இந்த வருஷம் மேலாளர் எல்லாப் பிரிவையும் கூட்டி வைத்துப் பேசும்போது ஆறாவது தடவையாக மடிப்பக்கா எழுந்து அறையைக் கேட்டாள். மேலாளர் சிரித்தார். பதிவேட்டுக்காரர்களும் அதே அறையைக் கேட்டிருந்தார்கள், காகிதம் அடுக்க.

"சண்டை எதுக்கும்மா? இந்த வருஷம் சொல் போட்டியில எந்தப் பிரிவு ஜெயிக்குதோ, அந்தப் பிரிவுக்கே அந்த ரூம். போதுமா?"

கூட்டம் சிரித்தது. கண்ணாடியார் ஜெயிப்பார் என்று மேலாளருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். மடிப்பக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கீங்க சார். நான் கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கீழே வந்ததும் முதல் தடங்கல் சொந்தப் பிரிவிலேயே முளைத்தது. சலவைக்கூட மேற்பார்வையாளருக்கு, அங்கே துணிக்கணக்கு பார்க்கும் ஸ்டோர்காரரை அனுப்ப ஆசை. பட்டம் வாங்கியவர், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மேடை அது. நாலு படிச்சவங்க வருவாங்க. வாசிக்கத் தெரியாம நீங்க போய் நின்னா நம்ம பிரிவு மானம் போயிடும்."

"வாசிக்கிறது அறிவிப்பாளர் வேலை. பதில் சொல்றதுதானே நம்ம வேலை? ஸ்டோர் தம்பி, இப்படி வா. இந்த விரிப்பைப் பிடி."

ஸ்டோர்காரர் முனையைப் பிடித்தார். மடிப்பக்கா நடந்துகொண்டே, "கு, ரெண்டெழுத்து, மழைக்குக் கையில பிடிக்கிற கூரை" என்றாள். அவர் "கு... கு..." என்று மேலே பார்த்தார். முனை வந்து அவர் மூக்கில் இடித்தது. பெண்கள் பதினொரு பேரும் சிரித்த சிரிப்பில் கொதிகலன் சத்தம் அடங்கியது.

"குடை! தெரியும்க்கா, வாய்க்கு வரலை!"

"வாய்க்கு வராதது பெட்டிக்குள்ள இருந்து என்ன பிரயோசனம்?" என்றாள். மேற்பார்வையாளர் தாளில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். வேறு வழி?

வீட்டில் இன்னொரு கச்சேரி. மூன்றாம் மாடியில் இரண்டே அறை. புருஷன் மின்தூக்கி பழுது பார்க்கிறவர், நாள் முழுக்கக் குழிக்குள் நின்று பேசும் பழக்கம் விட்டுப்போனவர். பேச வேண்டியதையெல்லாம் அவர் தங்கை, அதாவது மடிப்பக்காவின் நாத்தனார், சேர்த்துப் பேசிவிடுவாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவளுக்கு.

"அண்ணி, ஊர் சிரிக்கப் போகுது. கடைக்காரன் குடுத்த சீட்டையே என்கிட்டதான் வாசிக்கச் சொல்றீங்க."

"சீட்டு வாசிக்கத்தான் நீ இருக்கியே. மேடையில சீட்டா குடுக்கப் போறான்?"

"தோத்துட்டு வந்தா நான் ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டேன்."

"சொன்னாத்தான் எனக்கு உடம்புக்கு ஆகாது."

புருஷன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அவ ஜெயிச்சிருவா" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான். மறுநாள் காலையில் நாத்தனார் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றை மேசையில் தொப்பென்று போட்டாள். "உட்காருங்க. மூணு வயசுப் பிள்ளை மாதிரி முழிக்காதீங்க. எ, நாலெழுத்து, வரிசை தவறாத உழைப்பாளி."

"எறும்பு."

"ம்ம்" என்று பக்கத்தைப் புரட்டினாள். பத்து நாள் காலையும் வேலைக்குப் போகுமுன் அரைமணி நேரம் இப்படியே ஓடியது. அவளும் பாராட்டவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஒரு பாடத்தை மட்டும் நாத்தனார் அழுத்திச் சொன்னாள். "அண்ணி, தெரியலைன்னா ஒரு நொடியிலயே 'விடு'ன்னு சொல்லிடுங்க. கவுண்டர்ல ஒருத்தன் சில்லறை தேடுறான்னு பின்னால நாப்பது பேரை நிறுத்தி வைக்க முடியாது." அது சரியான பேச்சுதான். மின்னல் சுற்றில் தோற்பவர்கள் தெரியாத சொல்லால் தோற்பதில்லை. தெரியாத சொல்லைப் பிடித்துத் தொங்கி, அடுத்து வரும் தெரிந்த சொற்களைத் தவற விட்டுத்தான் தோற்கிறார்கள்.

போட்டி நாள். உணவுக்கூடத்தின் மேசைகளை ஒதுக்கி மேடை போட்டிருந்தார்கள். நடுவராக ஆய்வகத்துத் தலைவி. ஒல்லியான அம்மாள். எந்தக் காகிதத்திலும் தன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள் என்று பேர் எடுத்தவள். அறிவிப்பாளர் விதிகளை வாசித்தார். கூட்டம் பேசிக்கொண்டிருந்தது; அச்சடித்த தாள்தான் கையில் இருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் காது கொடுக்கவில்லை. மடிப்பக்காவுக்குத் தாளால் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக வாங்கிக்கொண்டாள்.

"முதலில் வாயிலிருந்து வரும் சொல்லே பதில். மாற்றிச் சொல்ல முடியாது. 'விடு' என்றால் அடுத்த அட்டை. கடிகாரம் எதற்கும் நிற்காது. முதல் எழுத்து, எழுத்து எண்ணிக்கை, விளக்கம் மூன்றும் பொருந்தினால் அட்டையில் இல்லாத சொல்லும் செல்லும். பொருந்துகிறதா என்று சுற்று முடிந்தபின் நடுவர் தீர்மானிப்பார். இரு அணியும் சமமானால் சென்ற ஆண்டு வென்றவர்களே வென்றவர்கள்."

மற்றப் பிரிவுகள் நாலும் ஐந்துமாக மதிப்பெண் எடுத்துவிட்டுப் போயின. கண்ணாடியார் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடன் கொடுத்தவன் திருப்பி வாங்குகிற தோரணையில் பதில்களைச் சொன்னார். எட்டு. இரண்டு இடத்தில் மட்டும் நின்றார். ஓரிடத்தில் 'க, நாலெழுத்து, முகம் பார்ப்பது' என்று கேட்க, தன் பட்டப்பெயரையே சொல்ல வெட்கப்பட்டு மூன்று நொடி விட்டார். கூட்டம் கைதட்டியது. மேலாளரும் தட்டினார்.

"அடுத்து, சலவைக்கூடம்."

மடிப்பக்கா வேலை உடுப்போடுதான் ஏறினாள். மாற்று உடுப்பு கொண்டு வந்திருந்தாள், போடவில்லை. "நான் எங்கிருந்து வர்றேன்னு தெரியட்டும்" என்று நெட்டச்சியிடம் சொல்லியிருந்தாள். முன்வரிசையில் யாரோ, "அம்மா, மேசைத் துணி மாத்த வந்தீங்களா?" என்றார்கள். "மாத்தத்தான் போறேன், கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

மணி அடித்தது. அறிவிப்பாளர் வேகமாக வாசித்தார்.

"ப, மூன்றெழுத்து, தலையணைக்குள் இருப்பது."

முதலில் வந்தது பருத்தி. கட்டைவிரல் ஓடியது: ப, ரு, த், தி. நாலு. கீழே போட்டாள். "பஞ்சு."

"சரி. தா, ஐந்து, கதவை உள்ளிருந்து அடைப்பது."

"தாழ்ப்பாள்."

"சரி. தி, ஐந்து, கடலில் திக்குச் சொல்வது."

கடலையே அவள் பார்த்ததில்லை. "விடு."

"வி, நான்கு, தண்ணீர் குடித்தால் நிற்பது."

தாகம் என்றுதான் முதலில் யாருக்கும் வரும். வி என்ற எழுத்து கையைப் பிடித்து நிறுத்தியது. "விக்கல்."

"சரி. தூ, நான்கு, கண்ணை மூடினால் வருவது."

"தூக்கம்."

"சரி. சி, நான்கு, வலை பின்னுவது."

"சிலந்தி." எங்கள் மூலையெல்லாம் அதுதான் என்று சேர்த்துச் சொல்ல நாக்கு துடித்தது. கடிகாரத்தை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

"சரி. ந, ஐந்து, கப்பலை நிறுத்தி வைப்பது."

"விடு." மறுபடியும் கடல்.

"மு, நான்கு, கயிற்றில் விழுந்தால் அவிழ்ப்பது."

"முடிச்சு."

"சரி. சு, ஐந்து, முதுமையில் முகத்தில் விழுவது."

முகமாவது ஒன்றாவது, அவள் நாள் முழுக்க உருளையின் அடியில் கொடுத்து எடுப்பதே அதைத்தானே. "சுருக்கம்."

"சரி. வெ, மூன்றெழுத்து, ஈரத்துணியைக் காய வைப்பது."

இந்த ஒரு கேள்விக்கு அவள் விரல் எண்ணக்கூட இல்லை. ஏழு வருஷமாக முதுகில் ஏறிக்கொண்டிருந்த சொல் அது. "வெக்கை!"

அறிவிப்பாளர் அட்டையைப் பார்த்தார். "இல்லை. வெயில்."

கூட்டம் 'அச்சோ' என்றது. மடிப்பக்காவின் நெஞ்சில் ஒரு சூடு எழும்பியது. வாயைத் திறந்து சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் கடிகாரம் எதற்கும் நிற்காது என்று அவள் காது வாங்கி வைத்திருந்ததே. சண்டைக்கு நேரம் அப்புறம் இருக்கிறது.

"இ, நான்கு, தொண்டையிலிருந்து கிளம்பி பக்கத்தவனையும் எழுப்புவது."

"இருமல்!"

"சரி." மணி அடித்தது.

எட்டு. எட்டுக்கு எட்டு. சமம். மேலாளர் அதற்குள் எழுந்து கண்ணாடியாரின் கையைக் குலுக்கப் போய்விட்டார்.

மடிப்பக்கா மேடையை விட்டு இறங்கவில்லை.

"அம்மா, முடிஞ்சுது. இறங்குங்க" என்றார் அறிவிப்பாளர்.

"எனக்கு ஒம்பது. வெக்கைக்கு மார்க் குடுங்க."

"அட்டையில வெயில்னு இருக்கும்மா."

"அட்டையில என்ன இருந்தா எனக்கென்ன? மூணும் பொருந்தினா அட்டையில இல்லாத சொல்லும் செல்லும், நடுவர் தீர்மானிப்பார்னு நீங்கதானே வாசிச்சீங்க? 'வெ'ல ஆரம்பிக்குதா? ஆரம்பிக்குது. வெ, க், கை. மூணெழுத்தா? மூணெழுத்து. ஈரத்துணியைக் காய வைக்குதா? வைக்குது."

கூட்டத்தில் அப்போதுதான் தாள்கள் சரசரத்தன. எல்லோரும் விதியைத் தேடினார்கள். இருந்தது, ஒரு வார்த்தை பிசகாமல்.

மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "எழுத்தெல்லாம் சரிம்மா. துணி வெயில்லதான் காயும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெக்கையில மனுஷனுக்கு வேர்க்கும், துணி எங்க காயும்?"

"சின்னப் பிள்ளைக்கு வெயில் தெரியும் சார். எங்களுக்கு எங்க தெரியுது? விடியுமுன்ன கீழே இறங்குறோம், பொழுது சாய்ஞ்சு மேல வர்றோம். இந்தக் கட்டிடத்துல நீங்க போர்த்திப் படுக்கிற ஒரு துணியாவது வெயிலைப் பார்த்திருக்கா, கேட்டுச் சொல்லுங்க. அட்டை எழுதினவர் மொட்டை மாடியில துணி காயப் போடுறவர். அதுக்கு நானா பொறுப்பு?"

"எல்லாத்துக்கும் ஒரு பொதுவான..."

"சார்," என்று நடுவர் அம்மாள் குறுக்கிட்டாள். "தீர்மானிக்க வேண்டியது நான். துணி அங்க எதுல காயுதுன்னு நான் பார்த்ததில்லை. பார்க்காம நான் எழுத மாட்டேன்." பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். "கீழே எப்படிப் போகணும்?"

"இப்படி வாங்க" என்று மடிப்பக்கா மேடையிலிருந்து முதல் ஆளாக இறங்கினாள்.

போட்டி பார்க்க வந்த கூட்டம் பூராவும் பின்னால் வந்தது. மின்தூக்கி சலவைக்கூடம் வரை போகாது, படிக்கட்டுத்தான். பாதிப் படியிலேயே ஒரு நர்ஸ், "இவ்வளவு கீழயா இருக்கீங்க?" என்றாள். "இன்னும் இருக்கு, பார்த்து வாங்க, கைப்பிடி சுடும்" என்றாள் நெட்டச்சி.

கொதிகலன் அறைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. கண்ணாடியாரின் கண்ணாடி ஒரே மூச்சில் வெள்ளையாகிப்போனது. அவர் அப்படியே நின்று இரண்டு கையாலும் துழாவினார். மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார், பிறகு கழற்றியே விட்டார். வரிசை வரிசையாக விரிப்புகள் தொங்கின. நடுவர் அம்மாள் சுற்றுமுற்றும் ஜன்னலைத் தேடினாள். சுவர்தான் இருந்தது.

"ஒரு ஈரத்துணி குடுங்க" என்றாள்.

மடிப்பக்கா தலையணை உறை ஒன்றைத் துவைக்கும் இயந்திரத்திலிருந்து எடுத்துப் பிழிந்து கொடுத்தாள். நடுவர் அதைத் தன் கையாலேயே கயிற்றில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம். பத்து. யாரோ உட்கார இடம் தேடினார்கள். "எங்க சாப்பிடுவீங்க?" என்று முன்பு மேசைத்துணிக் கேலி செய்த ஆளே கேட்டார். நெட்டச்சி அழுக்குத் துணி வண்டிகளைக் காட்டினாள்.

மேலாளர் கைக்குட்டையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "போதும்மா, எவ்வளவு நேரம்..." என்றார்.

"இருபது நிமிஷம் ஆகும் சார். நீங்க வேணா மேல போங்க. நாங்க பழகினவங்க" என்றாள் மடிப்பக்கா. போக முடியுமா? அத்தனை பேர் பார்க்கிறார்களே. நின்றார்.

பதினெட்டாம் நிமிஷத்தில் நடுவர் உறையை எடுத்தாள். உள்ளே கையை விட்டு, புரட்டி, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்த கண்ணாடியாரிடமும் கொடுத்தாள். அவர் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்றார். பிறகு, பொய் சொல்லத் தெரியாத மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அந்தச் சொல் எனக்கு வந்திருந்தா நானும் வெயில்னுதான் சொல்லியிருப்பேன். எங்க ரூம்ல ஜன்னல் இருக்கு."

"நீங்க ஏங்க இதுல..." என்று மேலாளர் அவர் முழங்கையை இழுத்தார்.

நடுவர் அம்மாள் பேனாவைத் திறந்தாள். தாளை இஸ்திரி மேசைமேல் வைத்து எழுதினாள், எழுதியதை உரக்கப் படித்தாள். "முதல் எழுத்து பொருந்துகிறது. எண்ணிக்கை பொருந்துகிறது. விளக்கம் நேரில் சோதித்துப் பார்த்ததில் பொருந்துகிறது. சலவைக்கூடம் ஒன்பது." கையெழுத்தையும் போட்டாள்.

பதினொரு பெண்கள் போட்ட கூச்சலில் மேல்தளத்து நோயாளிகள் என்ன நினைத்தார்களோ தெரியாது. நெட்டச்சி மடிப்பக்காவைத் தூக்கியே விட்டாள். ஸ்டோர்காரர் "எங்க பிரிவு! எங்க பிரிவு!" என்று எல்லோரையும் விட உரக்கக் கத்தினார். மடிப்பக்கா நெட்டச்சியின் கையிலிருந்து இறங்கி, உடுப்பைச் சரிசெய்துகொண்டு, நேராக மேலாளரிடம் போனாள்.

அவர் ஏற்கெனவே படியை நோக்கித் திரும்பியிருந்தார். "ரொம்ப சந்தோஷம்மா. பரிசளிப்பு விழாவில கோப்பை தருவோம். ரூம் விஷயம்... அது ஒரு பேச்சுக்கு, கலகலப்பா இருக்கட்டும்னு சொன்னது. அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு, கோப்பு போகணும்..."

"பதினாலாம் தேதி, காலையில பத்தே கால் மணி, பெரிய கூடத்துல. 'எந்தப் பிரிவு ஜெயிக்குதோ அந்தப் பிரிவுக்கே அந்த ரூம், போதுமா'ன்னு கேட்டீங்க. உங்களுக்கு இடப்பக்கம் பல் டாக்டர் இருந்தார், வலப்பக்கம் சமையல்கட்டு அம்மா. நான் கேட்டுக்கிட்டேன்னு அப்பவே சொன்னேன். கோப்பு நீங்க நிதானமா அனுப்புங்க, அது படியேறி வரட்டும். நாங்க முன்னாடி போயிடுறோம்."

சமையல்கட்டு அம்மா கூட்டத்தின் நடுவிலிருந்து, "சொன்னாரு, சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். படிக்கட்டு முழுக்க ஆட்கள். வழியை யாரும் அடைக்கவில்லை, விடவும் இல்லை.

மேலாளருக்கு வியர்வை கழுத்தில் இறங்கியது. "இப்ப என்னம்மா வேணும் உங்களுக்கு?"

மடிப்பக்கா இடது கையை நீட்டினாள். வலது கைக் கட்டைவிரல் இடுப்பருகே இரண்டு கணுவைத் தொட்டது.

"சா. ரெண்டெழுத்து. உங்க பையில கிடக்குது."

அவர் அவளைப் பார்த்தார். பின்னால் நெட்டச்சி உரக்க எண்ணத் தொடங்கினாள்: "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நாலு எட்டுக்குள் பதில் வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாவது எண்ணிலேயே அவர் கை பைக்குள் போய்விட்டது.